பத்து ரூபாய் வித்தியாசத்தில் எத்தனை ரூபாய் உண்மை?

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரில் ஒரு சிறிய கடலைமிட்டாய்க் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்ப மாதம் 5,000 அட்டைப்பெட்டி அதற்கு வேண்டும். பல வருடங்களாகச் சிவகாசிப் பக்கம் ஒரே பெட்டிக்காரரிடம்தான் வாங்குகிறார்கள். அஞ்சு பிளைப் பெட்டி ஒன்றுக்கு, வரி நீங்கலாக, 42 ரூபாய். இந்த ஆண்டுக்கான கொட்டேஷனையும் அவர் அதே விலைக்குத்தான் அனுப்பியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு பார்ட்டி வந்து, மாதிரிப் பெட்டியை மேசையில் வைத்து, 32 ரூபாய் என்கிறார். பெட்டிக்குப் பத்து ரூபாய் என்றால் மாதம் 50,000 ரூபாய். எந்த முதலாளிக்கும் அன்று ராத்திரி தூக்கம் வராது.

மறுநாள் காலையில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். பழைய ஆளுக்குப் போன் போட்டு, “வெளியில 32க்குக் கிடைக்குது, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டுவிடுவார்கள். அதற்கு மூன்று விதமாகப் பதில் வரலாம். “அப்ப அங்கேயே வாங்கிக்கோங்க” என்று அவர் முறித்துக்கொள்ளலாம். அல்லது ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் 36க்கு ஒப்புக்கொண்டு, இழந்த ஆறு ரூபாயைத் தாளின் கனத்தில் எடுத்துவிடலாம். அல்லது நிஜமாகவே குறைத்துக் கொடுக்கலாம். அப்படிக் குறைத்தால், இத்தனை வருடமும் நம்மிடம் கூடுதலாக வாங்கினாரோ என்ற சந்தேகம் நமக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றில் எது நடந்தாலும் உறவில் ஒரு கீறல் விழத்தான் செய்யும்.

விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. வியாபாரத்தில் இருப்பவர் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. தன் சரக்கைத் தரம் குறைந்த சரக்கோடு சமமாக வைத்துப் பேசினால்தான் அவருக்குக் கோபம் வரும். அதனால் போனை எடுக்கும் முன்பு செய்யவேண்டிய வேலை, அந்தப் பத்து ரூபாயில் எவ்வளவு உண்மை என்று பார்ப்பது.

பெட்டியைப் பிரித்துப் பார்ப்போம்

அஞ்சு பிளைப் பெட்டியில் மூன்று தட்டையான தாள்களும், அவற்றுக்கு நடுவே இரண்டு நெளிவுத் தாள்களும் ஸ்டார்ச் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஐந்துமே கிராஃப்ட் தாள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதை ஜி.எஸ்.எம். என்பார்கள். 150 ஜி.எஸ்.எம். போட்ட பெட்டியும் 120 ஜி.எஸ்.எம். போட்ட பெட்டியும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டும் அஞ்சு பிளைதான், இரண்டும் பழுப்பு நிறம்தான்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. இரண்டு பெட்டியிலிருந்தும் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரத்தை வெட்டி எடுங்கள். தண்ணீரில் ஊறப்போட்டால் பசை விட்டு ஐந்து தாளும் தனித்தனியே பிரிந்து வரும். கிழியாமல் எடுத்து நன்றாகக் காயவைத்து, கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுக்கவேண்டும். பத்து சென்டிமீட்டர் சதுரம் என்பது ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆகவே தட்டைத் தாள் 1.5 கிராம் காட்டினால் அது 150 ஜி.எஸ்.எம்., 1.2 கிராம் காட்டினால் 120. நெளிவுத் தாளை நீவி விரித்தால் பத்து சென்டிமீட்டர் துண்டு சுமார் பதினாலு சென்டிமீட்டராக நீளும். அதில் திரும்பவும் பத்து சென்டிமீட்டர் அளந்து வெட்டித்தான் நிறுக்கவேண்டும். தாள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு மாதிரியையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வைத்து நிறுப்பது முக்கியம்.

நம் உதாரணத்தில், பழையவர் பெட்டியில் ஐந்து தாளும் 150. புதியவர் பெட்டியில் வெளித்தாள் மட்டும் 150, உள்ளே இருக்கும் நான்கும் 120. இனிக் கணக்கு எளிது. பெட்டியின் அளவு 400க்கு 300க்கு 250 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதை விரித்தால் கிடைக்கும் அட்டையின் நீளம், நீள அகலத்தைக் கூட்டி இரட்டித்து, ஒட்டும் மடிப்புக்கு 50 மில்லிமீட்டர் சேர்த்தால் 1,450. அட்டையின் அகலம், பெட்டியின் அகலமும் உயரமும் சேர்ந்து 550. பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர். நெளிவுத் தாளுக்கு 1.4 மடங்கு தாள் போகிறது என்று வைத்துப் பெருக்கினால், பழையவர் பெட்டியில் 694 கிராம் தாள் இருக்கிறது, புதியவர் பெட்டியில் 579 கிராம்தான். ஆறில் ஒரு பங்கு தாளே இல்லை.

எடையோடு முடிவதும் இல்லை. தாள் எவ்வளவு அழுத்தம் தாங்கிக் கிழியும் என்பதைப் பி.எஃப். என்று ஓர் எண்ணால் சொல்வார்கள். ஒரே ஜி.எஸ்.எம். தாளில் 16 பி.எஃப். தாளும் உண்டு, 20 பி.எஃப். தாளும் உண்டு. பி.எஃப். கூடக் கூட விலையும் கூடும். இதைத் தராசு காட்டாது. பெட்டிக்காரரிடம் தாள் ஆலையின் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கவேண்டும். மழைக்காலத்தில் குடோனில் ஆறு அடுக்கு ஏற்றியிருக்கும்போது அடிப்பெட்டி வயிறு தள்ளி நிற்பதும், மூலை நசுங்கி உள்ளே மிட்டாய் பாக்கெட் நொறுங்குவதும் இந்த இரண்டு எண்களில் ஏதோ ஒன்று குறைந்ததால்தான்.

இப்போது புதியவரிடம் போய், “ஐந்து தாளும் 150, பி.எஃப். 18, அளவு இது. இதற்கு விலை கொடுங்கள்” என்று எழுத்தில் கேட்கவேண்டும். அவர் 38 ரூபாய் 50 காசு சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விலை அவருடைய வாசலோடு சரி, லாரி வாடகை நம்முடையது. அது பெட்டிக்கு 75 காசு வரும். பணமும் முன்கூட்டியே தரவேண்டும். பழையவரோ சரக்கை நம் குடோனில் இறக்கிக் கொடுத்துவிட்டு 45 நாள் தவணையும் தருகிறார். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் அந்த 45 நாளின் மதிப்பு பெட்டிக்கு 58 காசு. எல்லாம் கூட்டினால் புதியவர் விலை 39 ரூபாய் 83 காசு. பத்து ரூபாயாக இருந்த வித்தியாசம் இப்போது 2 ரூபாய் 17 காசில் வந்து நிற்கிறது.

ஒப்பிடும்போது ஜி.எஸ்.டி.யையும் கவனிக்கவேண்டும். ஒருவர் வரி சேர்த்தும் மற்றவர் வரி நீங்கலாகவும் சொல்லியிருக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரிடம் வாங்கினால் உள்ளீட்டு வரி வரவு நமக்குக் கிடைக்காது. இரண்டு விலையையும் வரிக்கு முந்தைய விலையாக வைத்துப் பார்ப்பதே சரி.

மாதம் 50,000 ரூபாய் மிச்சம் என்று நினைத்தது 10,850 ரூபாய்தான் என்று தெரிந்துவிட்டது. அதுவும் சின்னத் தொகை இல்லை, கேட்கவேண்டிய தொகைதான். ஆனால் பத்து ரூபாயைக் கேட்கும் பேச்சும் இரண்டு ரூபாயைக் கேட்கும் பேச்சும் ஒன்றல்ல. முதலாவதில் எதிராளி தன்னைக் கொள்ளைக்காரன் என்று சொல்வதாக எடுத்துக்கொள்வார். இரண்டாவதற்கு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்.

எந்த நேரத்தில் கேட்பது

கொட்டேஷன் வந்த பிறகு, ஆர்டர் போடும் முன்பு கேட்டுவிடவேண்டும். ஆர்டரை உறுதி செய்தபின் அவர் தாள் ரீலை வாங்கி இறக்கியிருப்பார். அதன்பிறகு விலை பேசினால் அவர் கையைக் கட்டிப்போட்டுக் கேட்பதாக ஆகும். தீபாவளிக்கு முந்தைய நாட்களும் வேண்டாம். பெட்டிக் கம்பெனியில் இரவு பகலாக மிஷின் ஓடும் காலம் அது. அப்போது அவருக்கு நம் ஆர்டர் அவ்வளவாகத் தேவைப்படாது, பேச நேரமும் இருக்காது. நம்மிடம் பழைய பாக்கி நிற்கும்போது கேட்பதைப்போல மோசமான நேரம் வேறில்லை. முதலில் பாக்கியைத் தீர்த்துவிட்டு உட்காருவதே மரியாதை.

முடிந்தால் அவர் இடத்துக்கே நேரில் போவது நல்லது. பெட்டி ஓடும் இடத்தில் நின்று பேசினால் எங்கே செலவாகிறது என்பது கண்ணில் படும். பிறகு வரப்போகும் யோசனைகள் அங்கிருந்துதான் பிறக்கும்.

பேச்சு இப்படி இருக்கலாம்

“அண்ணாச்சி, வெளிய இருந்து ஒரு ரேட்டு வந்திருக்கு. முதல்ல ரொம்பக் கம்மியா இருந்துச்சு. பெட்டியப் பிரிச்சு நிறுத்துப் பாத்தோம், உங்க கனம் இல்ல. அதனால அந்த ரேட்ட நான் உங்ககிட்ட பேசவே வரல.”

“பின்ன?”

“உங்க கனத்துக்கே திரும்பக் கேட்டோம். லாரி வாடக, தவணை எல்லாம் சேத்தா நாப்பதுக்குக் கொஞ்சம் கீழ வருது. உங்களுக்கும் அதுக்கும் ரெண்டு ரூவாய்க்கு மேல வித்தியாசம் இருக்கு.”

“யாரு தம்பி, எந்த ஊரு?”

“பேரு வேண்டாம் அண்ணாச்சி. உங்க ரேட்டையும் நான் அவங்ககிட்ட சொல்லல. எனக்கு உங்ககிட்டயே வாங்கணும். இந்த ரெண்டு ரூவாய உங்க லாபத்துல இருந்து எடுங்கன்னு கேக்கல. எங்க பக்கம் என்ன மாத்துனா உங்களுக்குச் செலவு குறையும்னு சொல்லுங்க.”

இந்தப் பேச்சு நான்கு காரியங்களைச் செய்கிறது. அவர் சரக்கின் தரத்தை நாம் சோதித்துப் பார்த்தே ஒப்புக்கொண்டோம் என்று சொல்லிவிடுகிறது. வித்தியாசத்தின் உண்மையான அளவை முன்வைக்கிறது. எதிர்ப்பார்ட்டியின் பெயரையும் கடிதத்தையும் காட்டாமல் காப்பாற்றுகிறது. கடைசியாக, கணக்கை இருவரும் சேர்ந்து பார்க்கலாம் என்று கதவைத் திறக்கிறது.

பெயரைச் சொல்லாததால் பேச்சின் பலம் குறைந்துவிடாது. ஒருவர் நம்பித் தந்த கொட்டேஷனை இன்னொருவரிடம் நீட்டினால், நாளை நம்முடையதையும் இப்படித்தான் நீட்டுவார்கள் என்று அவர் அந்த இடத்திலேயே புரிந்துகொள்வார். இல்லாத விலையைச் சொல்வது அதைவிடக் கெடுதல். பெட்டிக்காரர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே தாள் ஏஜென்ட்களிடம்தான் ரீல் வாங்குகிறார்கள். கிராஃப்ட் தாள் கிலோ என்ன விலை, ஸ்டார்ச் என்ன விலை என்பது அவர்களுக்கு அத்துப்படி. 150 ஜி.எஸ்.எம். பெட்டி 35 ரூபாய்க்கு வருகிறது என்று நாம் கதைவிட்டால், அது நடக்காது என்று அவர் மனக்கணக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு நாம் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

வேறு ஆளிடம் போய்விடுவோம் என்ற மிரட்டலும் அப்படித்தான். போகப்போவதில்லை என்றால் சொல்லவே கூடாது. போக நினைத்திருந்தால் மிரட்டல் எதற்கு? நிலவரத்தைச் சொன்னாலே அவருக்குப் புரியும்.

இரண்டு ரூபாய் எங்கே ஒளிந்திருக்கிறது

பெட்டி விலையில் பாதிக்கு மேல் தாளின் விலை. சேதாரத்தையும் சேர்த்து முக்கால் கிலோ தாள் போகிறது, கிலோ சுமார் 35 ரூபாய் என்று கொண்டால் 42 ரூபாய்ப் பெட்டியில் 26 ரூபாய் தாளுக்கே போய்விடுகிறது. மீதியில் ஸ்டார்ச், கரண்டு, கூலி, அச்சு, லாரி எல்லாம் போகத்தான் லாபம். அந்த லாபத்தில் இரண்டு ரூபாயைப் பிடுங்கினால் அவர் தாளில்தான் கைவைப்பார். அதனால் செலவு வீணாகும் இடத்தைத் தேடவேண்டும்.

முதல் இடம் ரீலின் அகலம். நம் அட்டையின் அகலம் 550 மில்லிமீட்டர். ஒரே ரீலில் இரண்டு அட்டையை அடுத்தடுத்து எடுப்பார்கள். ஓரம் வெட்டுவதற்கு 20 மில்லிமீட்டர் சேர்த்தால் 1,120 வேண்டும். அவரிடம் 1,100 ரீலும் 1,150 ரீலும்தான் இருக்கின்றன என்றால், 1,150ஐ ஓட்டி மூன்று சென்டிமீட்டர் தாளை வெட்டிக் குப்பையில் போடுகிறார். அந்தக் குப்பையின் விலை நம் பெட்டி விலைக்குள்தான் இருக்கிறது. பெட்டியின் உயரத்தை 250இலிருந்து 240 ஆக்கினால் இரண்டு அட்டையும் ஓரமும் சேர்ந்து மிகச் சரியாக 1,100. தாள் நான்கு சதவீதத்துக்கு மேல் மிச்சமாகும், பெட்டிக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு குறையும். பத்து மில்லிமீட்டர் உயரத்தைக் குறைத்தால் உள்ளே பாக்கெட் அடுக்கு கொள்ளுமா என்பதை மட்டும் நாம் சோதித்துக்கொள்ளவேண்டும். மேலே காலி இடம் இருந்தது என்றால் அதைக் குறைப்பது பெட்டிக்கும் நல்லது, ஏனென்றால் நிறையாத பெட்டிதான் அடுக்கில் சீக்கிரம் நசுங்கும்.

இரண்டாவது இடம் ஆர்டர் போடும் விதம். வாரா வாரம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் மிஷினை நம் அளவுக்கு மாற்றி, அச்சுக்கட்டையைப் பூட்டி, மை சரிபார்த்து ஓட்டவேண்டும். ஆரம்பத்தில் ஓடும் அட்டைகள் சேதாரமாகப் போகும். 2,500 வீதம் மாதம் இரண்டே ஓட்டம் என்று மாற்றி, அடுத்த மூன்று மாதத் தேவையையும் முன்னாலேயே எழுதிக் கொடுத்தால் பெட்டிக்கு இருபது காசு குறைக்க அவரால் முடியும். நம் குடோனில் பெட்டி வைக்க ஈரமில்லாத இடம் இருக்கவேண்டும் என்பது இதற்கான நிபந்தனை.

மூன்றாவது, பணம் தரும் நாள். 45 நாளை 15 நாளாகக் குறைத்தால் அவருக்கு ஒரு மாத வட்டி மிச்சம். 14 சதவீத வட்டிக்கு அவர் கடன் வாங்கி ஓட்டுகிறார் என்றால் 42 ரூபாய்க்கு அது 48 காசு. ஐம்பது காசு குறைக்க அவர் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்.

தவணை விஷயத்தில் சட்டமும் ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, அவர் உதயம் பதிவு வைத்திருக்கும் குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கியை இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உரிய நாளில் தராத தொகையை, அதைக் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டமுடியும் என்ற விதியும் 2023இல் சேர்ந்தது. ஆகவே “விலை அப்படியே இருக்கட்டும், தொண்ணூறு நாள் தவணை தாங்க” என்று பேரம் பேசுவது நமக்கே வம்பாகும்.

மூன்றையும் கூட்டினால் ஒரு ரூபாய் எண்பது காசு. 42 ரூபாய் 40 ரூபாய் 20 காசாகிவிட்டது. அவர் லாபத்தில் ஒரு காசும் குறையவில்லை.

இனி ஒப்பீட்டையும் நேர்மையாகத் திருத்தவேண்டும். நாம் இப்போது 15 நாளில் பணம் தருகிறோம் என்பதால், புதியவர் விலையில் சேர்த்த தவணை மதிப்பும் 58 காசிலிருந்து 19 காசாகக் குறையும். அவர் விலை 39 ரூபாய் 44 காசு. இன்னமும் 76 காசு வித்தியாசம் மிஞ்சுகிறது, மாதத்துக்கு 3,800 ரூபாய். பண்டிகை நேரத்தில் ஒரு போனில் பெட்டி அனுப்புகிறவர், அச்சு மங்கினால் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்கிறவர் என்றால் இந்த 3,800 ரூபாயைத் தரலாம். பெட்டி வராமல் ஒரு லாரி ஒரு நாள் நின்றால் ஆகும் நஷ்டத்தோடு இதை ஒப்பிட்டு ஒவ்வொருவரும் முடிவுசெய்யவேண்டும்.

அவர் சொன்ன யோசனை அவருடையது

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். உயரத்தைப் பத்து மில்லிமீட்டர் குறைத்தால் தாள் மிச்சமாகும் என்ற யோசனையைப் பழையவர் தந்தார். உடனே அந்தப் புதிய அளவைப் புதியவரிடம் கொடுத்து, “இதுக்கு என்ன ரேட்டு?” என்று கேட்கத் தோன்றும். அவர் பெட்டியிலும் தாள் குறையும் என்பதால் அவர் விலையும் இறங்கும். கணக்கில் இது லாபம்தான். ஆனால் செய்யக்கூடாது. தொழில் அனுபவத்தில் கிடைத்த அறிவை ஒருவர் நம்பிக்கையோடு நம்மிடம் வைத்தார். அதை அவருக்கு எதிராகவே பயன்படுத்தினால், விஷயம் வெளியே தெரியும் நாளிலிருந்து அவர் நமக்கு ஒரு யோசனையும் சொல்லமாட்டார். கேட்டதை மட்டும் செய்து கொடுப்பார். சின்ன ஊர்களில் இது வெளியே தெரியாமல் இருக்காது.

இதே காரணத்தால், இங்கே கிடைத்த 40 ரூபாய் 20 காசை அங்கே சொல்லி, அங்கே குறைந்ததை இங்கே சொல்லி, ஏலம்போல மாற்றி மாற்றிப் பேசுவதும் கூடாது. ஆளுக்கு ஒரு தடவைதான் கேட்கவேண்டும். பழையவருக்கு யோசிக்க இரண்டு மூன்று நாள் கொடுத்து, வரும் பதிலைக் கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ளவேண்டும். இரண்டாம் முறை கேட்டால் உடனே கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த ஆண்டு அவர் முதல் கொட்டேஷனிலேயே இரண்டு ரூபாய் ஏற்றி வைத்துக்கொள்வார்.

பேசியதை எழுதிவிடுங்கள்

வாய்ப்பேச்சு முடிந்ததும் அன்றைக்கே ஒரு சிறு கடிதம் போகட்டும். வாட்ஸ்அப்பில் போனாலும் போதும்.

“மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு, நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. நாம் பேசியபடி பெட்டியின் உயரத்தை 240 மி.மீ. ஆக மாற்றவும், மாதம் 2,500 வீதம் இரண்டு முறை எடுக்கவும், சரக்கு இறங்கிய 15 நாளில் பணம் அனுப்பவும் சம்மதிக்கிறோம். ஐந்து தாளும் 150 ஜி.எஸ்.எம்., 18 பி.எஃப். என்பதில் மாற்றமில்லை. இந்த அடிப்படையில் திருத்திய கொட்டேஷனை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம். அது கிடைத்ததும் மூன்று மாதத்துக்கான ஆர்டரை அனுப்புகிறோம்.”

தாளின் கனத்தைத் திரும்பவும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். விலை குறையும்போது கனம் குறையாது என்பதை இருவரும் ஒப்புக்கொண்ட சாட்சி அது. ஆர்டரிலும் பெட்டியின் எடையை, ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்ற சலுகையோடு, எழுதிவிடவேண்டும். ஒவ்வொரு லோடிலும் பத்துப் பெட்டியை எடுத்து நிறுத்து, எடையை ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். தொடர்ந்து எடை இறங்கினால் நேரில் போய்ச் சொல்லலாம். குறிப்பு கையில் இருப்பதால் சண்டை வராது.

அடுத்த ஆண்டும் இதே பேச்சு வராமல் இருக்க ஒரு வழி உண்டு. கிராஃப்ட் தாளின் பெரும்பகுதி பழைய தாளிலிருந்து தயாராகிறது, அதன் விலை அடிக்கடி ஏறும், இறங்கும். நம் பெட்டியில் முக்கால் கிலோ தாள் போகிறது. ஆகவே தாள் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் பெட்டிக்கு 75 காசு கூடும், இறங்கினால் 75 காசு குறையும் என்று எழுதிக்கொண்டால், விலையைத் தாள் சந்தை பார்த்துக்கொள்ளும். ஏறும்போது கொடுக்கத் தயாராக இருப்பவருக்குத்தான் இறங்கும்போது கேட்க உரிமை உண்டு.

முடியாது என்று சொன்னால்

இவ்வளவுக்குப் பிறகும் “42க்குக் குறைச்சுத் தர வழியில்ல தம்பி” என்று அவர் சொல்லலாம். அவருடைய மிஷின் பழையதாக இருக்கலாம், கரண்டுச் செலவு கூடியிருக்கலாம். அப்போதும் முறிக்கத் தேவையில்லை. மாதம் 3,500 பெட்டி அவரிடமே, 1,500 பெட்டி புதியவரிடம் என்று பிரித்துக்கொண்டு, அதை அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். சொல்லாமல் ஆர்டரைக் குறைத்துக்கொண்டே போவதுதான் மனதை உடைக்கும். புதியவரின் பெட்டி ஒரு மழைக்காலத்தைத் தாண்டட்டும், பிறகு அளவைக் கூட்டலாம். புதியவரிடம் வாங்குவதில்லை என்று முடிவானாலும், மாதிரி கொடுத்து விலை சொன்ன அவருக்கு நன்றி சொல்லிப் பதில் அனுப்பிவிடவேண்டும். நாளைக்கு அவரும் தேவைப்படுவார்.

அவர் ஒப்புக்கொண்டபின்னும் கொஞ்ச நாள் கவனிக்கவேண்டும். லோடு வழக்கத்தைவிடத் தாமதமாக வருகிறதா, போனைத் திரும்பக் கூப்பிடுவது நின்றுவிட்டதா, பெட்டியை விரலால் அழுத்தினால் நெளிவு பொதபொதவென்று அமுங்குகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், நம் விலை அவருக்குக் கட்டவில்லை என்று அர்த்தம். அவர் வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருக்காமல் நாமே போய்க் கேட்டு, தேவையானால் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பது நல்லது.

கொட்டேஷனைத் திருத்தச் சொல்லிக் கேட்கப்போகிறவர் கையில் மூன்று விஷயங்கள் இருக்கவேண்டும். நிறுத்துப் பார்த்த எடை, சமப்படுத்திய விலை, தன் பக்கம் விட்டுக்கொடுக்கும் ஒன்றிரண்டு சலுகை. இந்த மூன்றும் இல்லாமல் அடுத்தவர் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.